மாத விற்பனையின் ஆட்டோகோரிலேஷன் படத்தில் மூன்றாவது குச்சிதான் உயரம். மூணு மாசச் சுழற்சியா?

கோபிக்கடை

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபியில எங்கப்பா இனிப்பு காரக் கடை வெச்சிருக்காரு. 2016 ஜனவரியிலிருந்து 2025 டிசம்பர் வரைக்கும் மாச மொத்த விற்பனை, 120 மாசம், பேரேட்டிலிருந்து எடுத்து ஏத்திட்டேன். ஒரு மாச விற்பனை முந்தின மாசங்களோட விற்பனையோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டறதுதானே ஆட்டோகோரிலேஷன் படம். விலைவாசி ஏறிக்கிட்டே போனதால மொதல்ல போட்ட படம் முழுக்க மலைச்சரிவு மாதிரி மெதுவா இறங்குச்சு, ஒண்ணும் புரியல. அப்புறம் ஒரு நேர்கோடு பொருத்தி ஏத்தத்தைக் கழிச்சிட்டு மீதியை `r`-ல வெச்சு ஆர் மென்பொருள்ல போட்டேன்:

```r
v <- ts(r, start = c(2016, 1), frequency = 12)
acf(v, lag.max = 40)
```

இப்ப 1, 2, 3-ங்கற இடத்துல குச்சி நீலக்கோட்டைத் தாண்டி நிக்குது. 1-ல 0.38, 2-ல 0.41, 3-ல 0.46. மூணு மாசத்துக்கு முந்தின விற்பனைதான் இந்த மாசத்தை அதிகமா நிர்ணயிக்குதுன்னு அப்பாகிட்டச் சொன்னேன். "நாப்பது வருசமா கடை நடத்தறேன், அப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல"ன்னுட்டாரு. யார் சொல்றது சரி?

---

ஊத்துக்குளிக்காரன்

உங்கப்பா சொல்றதுதான் சரிங்க. படத்துல கீழ இருக்கற எண் மாசம் இல்ல, வருசம். `frequency = 12`ன்னு குடுத்துட்டா ஆர் அந்த அச்சை வருசக் கணக்குல எழுதும். 1-ன்னா 12 மாசம், 2-ன்னா 24, 3-ன்னா 36. ரெண்டு எண்ணுக்கு நடுவுல நெருக்கமா நிக்கற சின்னக் குச்சிங்கதான் ஒவ்வொரு மாசம். `acf(as.numeric(v), lag.max = 40)`ன்னு போட்டுப் பாருங்க, மாச எண்ணாவே வரும்.

விஷயம் சிம்பிள். 12-ல குச்சி இருந்தா வருசத்துக்கு ஒரு சுழற்சி. 24-ம் 36-ம் அதோட எதிரொலி. போன வருச அக்டோபர் மாதிரி இந்த அக்டோபர்னா, அதுக்கு முந்தின அக்டோபர் மாதிரியும்தானே இருக்கும். புதுசா அதுல ஒண்ணும் இல்ல. தீபாவளி சீசன், அவ்வளவுதான்.

---

முட்டை நாமக்கல்

நல்ல இழை. நம்ம கேஸும் இதேதான். பண்ணை கொள்முதல் விலை மாச சராசரி போட்டேன், 1-லிருந்து 15 வரைக்கும் எல்லாக் குச்சியும் மேல. அப்ப முட்டை விலைக்கு 15 மாசச் சுழற்சின்னு வெச்சுக்கலாமா? எந்த மாசம் விலை உச்சம்னு இந்தப் படத்துல எப்படிப் பாக்கறது?

---

நொய்யல் கணக்கு

நாமக்கல் அண்ணா, உங்களுக்கு ரெண்டு வரி சொல்லிட்டு கோபி அம்மணிகிட்ட வர்றேன். எல்லாக் குச்சியும் மேல நின்னு மெதுவா சரிஞ்சா அது சுழற்சி இல்லீங்க. இந்த மாச விலை போன மாச விலைக்குப் பக்கத்துலயே இருக்குதுங்கறதுதான் அதுல தெரியுது. ஒவ்வொரு மாசத்துலயும் முந்தின மாசத்தைக் கழிச்சு, அந்த வித்தியாசத்துக்குப் படம் போடுங்க. அப்புறம், உச்சம் எந்த மாசம்னு இந்தப் படம் எப்பவுமே சொல்லாது. இது அளக்கறது இடைவெளியை மட்டும்தான். புரட்டாசியில விலை விழுந்தாலும் 12-ல குச்சி மேலதான் வரும், மார்கழியில ஏறினாலும் மேலதான் வரும். மாசத்தைப் பாக்க `monthplot` போடுங்க.

கோபி அம்மணி, அச்சு விஷயத்துல ஊத்துக்குளித் தம்பி சொன்னது சரி. எதிரொலிங்கறதுதான் பாதி சரி. எதிரொலின்னா போகப்போகத் தேயணும். உங்களுதுல 0.38, 0.41, 0.46-ன்னு வளருது. அது எப்படி?

தேயணும்னு ஏன் சொல்றேன்னா, 36 மாச இடைவெளியில ஜோடி சேர்க்க 120 மாசத்துல 84 ஜோடிதான் கிடைக்கும். ஆனா ஆர் வகுக்கறப்ப எப்பவும் 120-ஆலதான் வகுக்கும். அதனால வருசாவருசம் அச்சு அசலா ஒரே மாதிரி விக்கற கடையா இருந்தாலும் 12-ல 0.9, 24-ல 0.8, 36-ல 0.7-ன்னுதான் வரும். அந்த இறக்கத்தைப் பாத்துட்டு "சீசன் பலவீனமாகுது"ன்னு எழுதறவங்க உண்டு. அது வகுத்தலோட வேலை, சீசனோட வேலை இல்ல. இங்க அந்த இறக்கத்தையும் மீறி ஏதோ ஒண்ணு குச்சியை மேல தூக்குது.

ஒண்ணு கேக்கறேன். 11-லயும் 13-லயும் எவ்வளவு வருது? அப்புறம் உங்க கடையில தீபாவளி விற்பனை எத்தனை நாளைக்கு முன்னாடி ஆரம்பிக்கும்?

---

கோபிக்கடை

அக்கா, 11-ல 0.21, 13-ல 0.22. கோடு 0.18-கிட்ட இருக்கு, ரெண்டுமே தாண்டிருச்சு. நான் அதைக் கவனிக்கவே இல்ல.

தீபாவளிக்கு முந்தின அஞ்சு நாள்தான் எங்களுக்கு எல்லாம். மாஸ்டர் நாலு பேர் கூடுதலா வருவாங்க. மைசூர்பாக்கு, லட்டு, முறுக்கு எல்லாம் அந்த அஞ்சு நாள்ல போறது சாதாரண ஒரு மாசத்துக்கும் மேல. ஜவுளிக்கடை மாதிரி ஒரு மாசம் முன்னாடியே கூட்டம் வராது.

---

நொய்யல் கணக்கு

அப்ப விஷயம் தெளிவு. தீபாவளி அக்டோபர்லயும் வரும், நவம்பர்லயும் வரும். உங்க பத்து வருசத்தை வரிசையா எழுதறேன்: 2016 அக்டோபர் 29, 2017 அக்டோபர் 18, 2018 நவம்பர் 6, 2019 அக்டோபர் 27, 2020 நவம்பர் 14, 2021 நவம்பர் 4, 2022 அக்டோபர் 24, 2023 நவம்பர் 12, 2024 அக்டோபர் 31, 2025 அக்டோபர் 20.

இதுல அடுத்தடுத்த தீபாவளிக்கு நடுவுல எத்தனை மாசம்னு எண்ணுங்க: 12, 13, 11, 13, 12, 11, 13, 11, 12. ஒன்பது இடைவெளியில மூணுதான் 12. மூணு 11, மூணு 13. ஒரே குச்சியா நிக்க வேண்டிய பலம் மூணாப் பிரிஞ்சு போச்சு. அதான் 12-க்கு ரெண்டு பக்கமும் காவலுக்கு நிக்கற மாதிரி குச்சி.

இப்ப ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் எண்ணுங்க. எட்டு இடைவெளியில நாலு சரியா 24. மூணு வருசத்துக்கு எண்ணினா ஏழுல அஞ்சு சரியா 36. ஜோடி குறையக் குறையப் பொருத்தம் கூடுது. உங்க மூணாவது குச்சி உயரமா நிக்கறது இதனாலதான்.

என் பேச்சை நம்ப வேண்டாம். உங்க விற்பனையைத் தொடாமலே, தீபாவளி வந்த மாசத்துக்கு 1, மத்ததுக்கு 0 போட்டுப் பாருங்க:

```r
d <- rep(0, 120)
d[c(10,22,35,46,59,71,82,95,106,118)] <- 1
acf(d, lag.max = 40)
```

11, 12, 13 மூணுலயும் 0.25-கிட்ட வரும். 24-ல 0.36, 36-ல 0.48. கடையும் இல்ல, லட்டும் இல்ல, வெறும் பஞ்சாங்கம்தான். ஆனா படம் உங்க படத்தோட ஜாடையில இருக்கும்.

---

ஊத்துக்குளிக்காரன்

போட்டுப் பாத்துட்டேன். 0.245, 0.364, 0.482. அக்கா, ஒத்துக்கறேன். ஆனா அப்ப மூணு வருசச் சுழற்சி நெஜமாவே இருக்குன்னுதானே ஆகுது? எதிரொலி இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

---

நொய்யல் கணக்கு

தேதியில இருக்கு தம்பி, வியாபாரத்துல இல்ல. தீபாவளி நிலாக் கணக்கு. பன்னெண்டு அமாவாசை சுத்தி வர 354 நாள்தான் ஆகும், அதனால வருசாவருசம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வரும். ரொம்ப முன்னாடி போயிட்டா ஒரு அமாவாசையைக் கூடுதலா விட்டு 18, 19 நாள் பின்னாடி தள்ளிடும். 2018, 2020, 2023-ல நடந்தது அதான். மூணு சூரிய வருசமும் 37 அமாவாசையும் கிட்டத்தட்ட மூணு நாள்தான் வித்தியாசம். அதனால மூணு வருசம் கழிச்சு அதே தேதிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். 2019 அக்டோபர் 27, 2022 அக்டோபர் 24, 2025 அக்டோபர் 20. பாருங்க, மூணு நாலு நாள்தான் நகருது.

தவறின ரெண்டையும் பாத்துடலாம். 2017-லிருந்து 2020-க்கு 37 மாசம் வந்தது, அந்த மூணு வருசத்துல ரெண்டு தடவை தள்ளிப் போனதால. 2021-லிருந்து 2024-க்கு 35. அங்க தேதி நாலு நாள்தான் நகர்ந்தது, நவம்பர் 4 அக்டோபர் 31 ஆச்சு. ஆனா மாச எல்லையைத் தாண்டிருச்சு. நாலு நாளுக்காக விற்பனையில பெரும்பங்கு வேற பெட்டிக்குள்ள விழுந்துருச்சு. மாச மொத்தத்தை வெச்சு வேலை செய்யறதுல இருக்கற தொல்லை இதுதான்.

வியாபாரத்துல மூணு வருச ஏத்த இறக்கம் இருக்குதான்னு தெரியணும்னா வருச மொத்தத்தைப் பாருங்க. தீபாவளி அக்டோபர்ல வந்தாலும் நவம்பர்ல வந்தாலும் வருசத்துக்குள்ளதான் வரும்.

---

கோபிக்கடை

வருச மொத்தம் பாத்தேன் அக்கா. 2020, 2021 தவிர ஒரே சீரா ஏறுது. மூணு வருச அலை ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு இப்பத்தான் உறைக்குது. 2023 அக்டோபர்ல "போன அக்டோபரை விடப் பாதிக்குப் பாதி குறைஞ்சிருச்சு"ன்னு அப்பாகிட்ட ஒரு தாள் நீட்டினேன். அவர் அதைப் பாக்காமயே மடிச்சு வெச்சுட்டாரு. தீபாவளி நவம்பர் 12-ன்னு அவருக்குத் தெரியும், எனக்கு உறைக்கல.

---

சென்னிமலைத் தறி

கண்ணு, இங்கிலீஷ் மாசத்தைப் பிடிச்சுத் தொங்கறதாலதான் இத்தனை வம்பு. தமிழ் மாசத்துல கணக்கு எழுது. தீபாவளி எப்பவும் ஐப்பசிதான். ஆடித் தள்ளுபடி ஆடியில, பொங்கல் தையில, கல்யாணம் ஆவணியில, தையில. எங்க தறிக்கூடத்துல எங்கப்பாரு காலத்துல தமிழ் மாசக் கணக்குதான் இருந்துச்சு. இந்தக் குச்சி மூணாப் பிரியற கதையே வராது.

---

நொய்யல் கணக்கு

ஐயா சொல்றதுல பெரிய நியாயம் இருக்குங்க. ஒரு சின்ன விஷயம் மட்டும். ஆடி, மார்கழி, பொங்கல் எல்லாம் சூரியனை ஒட்டி வர்றது, அதனால இங்கிலீஷ் மாசத்துலயும் அதே இடத்துலதான் விழும். பொங்கல் என்னைக்கும் ஜனவரி 14, 15. அதுக்கெல்லாம் 12-லதான் உயரமான குச்சி வரும். தீபாவளி ஒண்ணுதான் இங்க தாவுது. கோபி அம்மணியோட 12-வது குச்சி 0.25-ஐ விட உயரமா 0.38 நிக்கறதுக்கு பொங்கலும் ஆடி மந்தமும்தான் காரணம்னு நெனைக்கறேன்.

தமிழ் மாசத்துக்கு மாத்தினா தீபாவளி நாள் ஐப்பசிக்குள்ள வந்துரும். ஆனா கடையில காசு விழறது தீபாவளிக்கு முந்தின அஞ்சு நாள்ல. 2017-ல ஐப்பசி பிறந்த கையோட தீபாவளி வந்துருச்சு, அந்த வருச லட்டெல்லாம் புரட்டாசிக் கணக்குல போயிரும். 2025-லயும் பாதி அப்படித்தான். பத்துல ரெண்டு வருசம் அப்பவும் பிசகும். இப்ப இருக்கறதுக்கு எவ்வளவோ தேவலை, ஒத்துக்கறேன்.

---

சென்னிமலைத் தறி

ரெண்டு வருசம் பிசகினா பிசகட்டும். வியாபாரிக்கு அது தெரிஞ்சிருக்கும். உங்க பொட்டிக்குத்தான் தெரியாது.

---

கோபிக்கடை

ஐயா, தமிழ் மாசத்துக்கு மாத்தணும்னா தினசரி விற்பனை வேணும். 2019-க்கு முன்னாடி நாள் கணக்கு நோட்டு பாதிக்குமேல கரையான் தின்னுருச்சு. மாச மொத்தம்தான் மிச்சம். அதை வெச்சே ஏதாவது பண்ண முடியுமா அக்கா?

---

நொய்யல் கணக்கு

முடியும். மேல போட்ட `d`-யையே ஒரு தனிக் காரணமா உள்ள விட்டுடுங்க. மாசத்தோட வழக்கமான ஏத்த இறக்கம் ஒரு பக்கம், தீபாவளி ஒரு பக்கம், விலையேத்தம் ஒரு பக்கம். மூணையும் கழிச்ச மீதிக்குப் படம் போடுங்க. இங்க நீங்க ஏத்தத்தைக் கழிக்காத அசல் விற்பனையை `s`-ன்னு எடுத்துக்கணும், அதையும் மாசக் கணக்கு `ts`-ஆத்தான் வெச்சுக்கணும்.

```r
fit <- lm(log(s) ~ factor(cycle(s)) + d + time(s),
          na.action = na.exclude)
acf(as.numeric(residuals(fit)), lag.max = 40, na.action = na.pass)
```

அதுக்கு முன்னாடி ஊரடங்கு மாசங்களை `NA` ஆக்கிடுங்க. 2020 ஏப்ரல், மே, 2021 மே, ஜூன். இது முக்கியம். 2020 மேயும் 2021 மேயும் பள்ளம், நடுவுல சரியா 12 மாசம். பள்ளத்தைப் பள்ளத்தால பெருக்கினா மேடுதான் வரும், 12-ல இல்லாத சீசனுக்கு ஒரு குச்சி ஏறி நிக்கும். உங்க முதல் படத்துலயும் அது கொஞ்சம் கலந்திருக்கும்.

`na.exclude` விட்டுடாதீங்க. விட்டா ஆர் அந்த நாலு மாசத்தைச் சத்தமில்லாம தூக்கிட்டு மீதியை ஒட்டிரும். அப்புறம் 2020 மார்ச்சுக்கு அடுத்து ஜூன்னு நெனச்சுக்கும், அந்த இடத்தைத் தாண்டற எல்லா இடைவெளியும் ரெண்டு மாசம், நாலு மாசம்னு தப்பும். படம் பாக்க ஒழுங்காத்தான் இருக்கும், அதான் ஆபத்து.

---

கோபிக்கடை

போட்டுட்டேன். 24-ல 0.11, 36-ல 0.08. ரெண்டும் கோட்டுக்குள்ள அடங்கிருச்சு. 11, 13 ரெண்டும் ஒண்ணுமே இல்ல. மிச்சம் நிக்கறது 1-ல 0.34. அப்புறம் 8-ல கீழ்ப்பக்கமா ஒண்ணு, மைனஸ் 0.20. இந்த எட்டு மாசம் என்ன?

---

முட்டை நாமக்கல்

எட்டு மாசம்னா மஞ்சள் காசு! ஈரோட்டுப் பக்கம் மாசி பங்குனியில மஞ்சள் எடுத்து விப்பாங்க, கையில காசு இருக்கும். எட்டு மாசம் கழிச்சு ஐப்பசியில காசு தீர்ந்திருக்கும். அதான் மைனஸ்.

---

ஊத்துக்குளிக்காரன்

அண்ணா, அது வருசாவருசம் அதே மாசத்துல வர்றதுதானே, `factor(cycle(s))` அதைக் கழிச்சிருக்குமே. மீதியில எப்படி வரும்?

---

முட்டை நாமக்கல்

மஞ்சள் விலை ஒரு வருசம் நல்லா இருக்கும், ஒரு வருசம் படுத்துக்கும். வருசாவருசம் ஒரே மாதிரின்னா நாங்க ஏன் கோழி வளக்கறோம்.

---

நொய்யல் கணக்கு

நாமக்கல் அண்ணா சொல்றது நடக்கக்கூடிய விஷயம்தான், ஆனா விலை நல்லா இருந்த வருசம் விற்பனை பங்குனியில கூடணும், ஐப்பசியில குறையணும். ரெண்டாவது ஏன்னு எனக்குப் பிடிபடல. ஈரோட்டு ஏல விலையை மாச வாரியா எடுத்து இந்த மீதியோட ஒப்பிட்டாத்தான் தெரியும்.

நான் பந்தயம் கட்டறதா இருந்தா, அது ஒண்ணுமே இல்லைன்னு கட்டுவேன். அந்த நீலக்கோடு நூத்துக்கு அஞ்சு தடவை சும்மாவே தாண்டும். நாற்பது குச்சி நட்டா ரெண்டு தானா வெளிய தலை நீட்டும். 8-ல ஒரு குச்சி 0.02 மட்டும் தாண்டியிருக்கு, 16-ல துணைக்கு ஒண்ணும் இல்ல, முன்கூட்டியே எதிர்பார்த்த இடமும் இல்ல. 12-ல வந்திருந்தா கவலைப்படுவேன்.

1-ல நிக்கற 0.34 நெஜம். ஒரு மாசம் நல்லாப் போனா அடுத்த மாசமும் கொஞ்சம் நல்லாப் போகுது. முகூர்த்த ஆர்டர் ரெண்டு மாசத்துக்குப் பரவறதா இருக்கலாம், பக்கத்துல போட்டிக் கடை மூடினதா இருக்கலாம். படம் அதைச் சொல்லாது, அப்பாவைக் கேளுங்க.

---

கோபிக்கடை

கேட்டேன் அக்கா. "கல்யாண ஆர்டருக்கு அட்வான்ஸ் ஒரு மாசம், பாக்கி அடுத்த மாசம் எழுதுவேன்"ங்கறாரு. பேரேட்டைப் புரட்டினா நெஜமாவே அப்படித்தான் எழுதியிருக்கு. எல்லா ஆர்டரும் இல்ல, பெரிய ஆர்டர் மட்டும்.

2026 தீபாவளி நவம்பர் 8. நெய்யும் மாஸ்டர் கூலியும் அக்டோபர்லயே பேசிரணும், ஆனா அக்டோபர் விற்பனையை 2025 அக்டோபரோட வெச்சுப் பாக்கக் கூடாது, 2023-ஓட வெச்சுப் பாக்கணும். சரிதானுங்க அக்கா?

---

நொய்யல் கணக்கு

சரி. விலையேத்தத்தை மட்டும் சேர்த்துக்குங்க. அட்வான்ஸ் தொகையைத் தனியாப் பிரிக்க முடிஞ்சா பிரிச்சுட்டு அந்த 0.34 எவ்வளவு இறங்குதுன்னு இங்க போடுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

---

முட்டை நாமக்கல்

முந்தின மாசத்தைக் கழிச்சுப் படம் போட்டேன். எல்லாம் கோட்டுக்குள்ள போயிருச்சு, 12-ல மட்டும் ஒண்ணு நிக்குது. புரட்டாசியா? மஞ்சள் விலை எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அந்த எட்டை நான் விடறதா இல்ல.